6 பிக்சல் சட்டைக்கு எப்படிக் கலர் மாத்துறது? கிட்டப் போனா ஆளே இல்ல, கட்டம்தான் இருக்கு

தூரப்புள்ளி | மார்ச் 4, இரவு 10:12

ஒரு ஓட்டப் போட்டி படம். மைதானம் முழுக்க வர்ற மாதிரி உசரத்துல இருந்து வைட்ல எடுத்தது. எதிர்ப்பக்கம் தன்னார்வலர்கள் 37 பேரு ஆரஞ்சு டிசர்ட்ல நிக்கிறாங்க, பழைய டிசர்ட்டைக் குடுத்துட்டாங்களாம், இந்த வருஷம் நேவி ப்ளூ. போஸ்டருக்கு அத்தனை பேரையும் நேவி ஆக்கித் தரணும். பெரிய வேலை இல்லன்னு ஒத்துக்கிட்டேன். படத்தைத் திறந்து சூம் பண்ணா ஒரு ஆளோட சட்டை அகலம் 6 பிக்சல், உசரம் 8. செலக்ஷன் டூல் எதை வெச்சாலும் ஒண்ணு பாதி சட்டையை விட்டுடுது, இல்ல பக்கத்துப் புல்லையும் சேத்து அள்ளுது. கையாலயே ஓரம் கட்டி நீலம் அடிச்சேன், சுத்தி ஒரு ஆரஞ்சு வளையம் நிக்குது. வளையம் போகணும்னு கொஞ்சம் வெளிய தள்ளி அடிச்சா ஆளு குண்டாயிடுறாரு. நாலு மணி நேரத்துல 5 பேரு முடிச்சிருக்கேன், அஞ்சு பேரும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தெரியுறாங்க.

சுறுசுறுப்பு | மார்ச் 4, இரவு 10:31

எதுக்கு ஓரம் கட்டிக்கிட்டு. புது லேயர், கலர் மோட், சாஃப்ட் பிரஷ், மேலாக்க அடிச்சு விடு. வெளிச்சம் அப்படியே இருக்கும், கலர் மட்டும் மாறும். 37 பேருக்கு அரை மணி நேரம் ஜாஸ்தி.

தூரப்புள்ளி | மார்ச் 4, இரவு 11:05

அடிச்சுப் பாத்தேன். வேகம்தான், ஆனா நேவி வரல, ஸ்கூல் பசங்க யூனிஃபார்ம் மாதிரி வெளிர் நீலம் வருது. பிரஷ்ல இன்னும் கருநீலமா எடுத்தாலும் அதே வெளிர் நீலம்தான்.

பழைய_லென்ஸ் | மார்ச் 5, காலை 6:50

சுறுசுறுப்பு சொன்னது பாதி சரி. கலர் மோட் கீழ இருக்கிற வெளிச்சத்தை அப்படியே வெச்சுக்கும், அதுதான் இங்க வினை. ஆரஞ்சு வெளிச்சமான கலர், நேவி இருட்டான கலர். உன் சட்டை சுமாரா 230, 120, 30 இருக்கும்னு வெச்சுக்கோ, அதோட வெளிச்சம் 143 கிட்ட வரும். நேவி 30, 50, 110ன்னா வெளிச்சம் 51தான். கலர் மோட் அந்த 143-ஐ விடாது, அதனால 143 வெளிச்சத்துல ஒரு நீலம் கிடைக்கும், அதுதான் நீ பாக்குற யூனிஃபார்ம் நீலம். பிரஷ்ல என்ன கருப்பு கலந்தாலும் மாறாது. சிவப்புல இருந்து பச்சை மாதிரி வெளிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா அந்த வழி ஓடும். இங்க இருட்டாக்கவும் வேணும், இருட்டாக்கும்போதுதான் ஓரம் உன்னைக் காட்டிக் குடுக்கும்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இந்த ஃபைல் உனக்கு எப்படி வந்துச்சு? மெசேஜ்ல வந்ததா?

தூரப்புள்ளி | மார்ச் 5, காலை 8:20

ஆமா அண்ணே, ஃபோன்லதான் அனுப்புனாங்க. 3000 பிக்சல் அகலம். ஏன்?

மழைக்குருவி | மார்ச் 5, காலை 9:02

எனக்கும் இதே பிரச்சனைதான், என் தங்கச்சி படத்துல டிரஸ் மஞ்சளா இருக்கு, பச்சை ஆக்கணும், மடிப்பு எல்லாம் நல்லாத் தெரியுது ஆனா கலர் மாத்துனா மடிப்புல மஞ்சள் தங்கிடுது. இதுக்கும் ஆரஞ்சு வளையம் மாதிரியேதானா?

பழைய_லென்ஸ் | மார்ச் 5, காலை 9:40

இல்லம்மா, அது கிட்டத்து ஆளு, ஆயிரம் பிக்சல் டிரஸ், அங்க ஓரம்ங்கிறது மொத்தத்துல நூத்துல ஒரு பங்கு. இங்க ஆறு பிக்சல்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் ஓரம், அதாவது மூணுல ஒரு பங்கு சட்டையே ஓரம்தான். உங்களுக்கு மடிப்போட நிழல்ல செறிவு வேற மாதிரி இருக்கும், அது தனிக்கதை.

தூரப்புள்ளி, ஏன்னு கேட்டியே. ஜேபெக் கலரைத் தனியாவும் வெளிச்சத்தைத் தனியாவும் வெச்சுக்கும். மெசேஜ்ல வர்ற ஃபைல்ல பெரும்பாலும் கலர் மட்டும் நீளத்துலயும் அகலத்துலயும் பாதி அளவுதான் இருக்கும், நாலு பிக்சலுக்கு ஒரு கலர். உன் 6க்கு 8 சட்டைக்கு 48 பிக்சல், ஆனா கலர்ப் புள்ளி 12தான். மிச்சம் எல்லாம் பக்கத்துப் புள்ளியைப் பாத்து இட்டு நிரப்புனது. அதனால ஆரஞ்சு சட்டைக்குள்ள நிக்காது, ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் வெளிய புல் மேலயும் கசிஞ்சிருக்கும். நீ வளையம்னு சொல்றதுல பாதி இந்தக் கசிவு. இதைப் போட்டுப் பாரு:

```
identify -format "%[jpeg:sampling-factor]" padam.jpg
```

தூரப்புள்ளி | மார்ச் 5, மதியம் 1:15

`2x2,1x1,1x1` வருது.

பழைய_லென்ஸ் | மார்ச் 5, மதியம் 1:22

ரெண்டு பக்கமும் பாதி. நினைச்சேன். கேமரால இருந்து நேரா வந்த ஃபைலைக் கேட்டு வாங்கு, ரா இருந்தா இன்னும் நல்லது. அது வர்ற வரைக்கும் கை வைக்காதே.

தூரப்புள்ளி | மார்ச் 6, இரவு 9:48

படம் எடுத்தவரு கிட்ட பேசினேன், கேமரா ஜேபெக் வந்துடுச்சு, ராவையும் தேடித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. 6000 பிக்சல் அகலம். 24 எம்எம் லென்ஸ், ஃபுல் ஃப்ரேம், ஆளுங்க சுமாரா 150 மீட்டர் தள்ளி. கணக்குப் போட்டேன்: அந்த தூரத்துல படத்துக்குள்ள 225 மீட்டர் அகலம் விழுது, அதை 6000ல வகுத்தா மீட்டருக்கு 26, 27 பிக்சல். 45 சென்டிமீட்டர் அகலச் சட்டைன்னா 12 பிக்சல். முன்னாடி 6, இப்ப 12. பெரிய வித்தியாசம் இல்லன்னு நினைச்சுத் திறந்தா, காலரும் கையும் தெரியுது! அந்த கமாண்ட்ல இப்ப `2x1` வருது, அப்ப உசரத்துல கலர் முழுசா இருக்கு, அகலத்துல மட்டும் பாதி, அப்படித்தானே?

நாலு மணி நேரம் போச்சேன்னு இருக்கு. வாங்குன ஃபைல் எவ்வளவுன்னு கேக்காம வேலைய ஒத்துக்கிட்டது என் மண்டைதான்.

பழைய_லென்ஸ் | மார்ச் 7, காலை 6:35

அப்படித்தான்.

இப்ப ஓரத்துக்கு வருவோம். ஓர பிக்சல்ங்கிறது சட்டையும் இல்ல, புல்லும் இல்ல, ரெண்டோட கலவை. பாதி ஆரஞ்சு (230, 120, 30), பாதி புல் (90, 130, 60) விழுந்தா அந்த பிக்சல் 160, 125, 45, ஒரு அழுக்கு மஞ்சள். அதை நீ தொடாம விட்டா அதுதான் வளையம். அதை முழு நேவி ஆக்குனா ஆளு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் பெருத்துடுவாரு. சரியான விடை எது? பாதி நேவி, பாதி புல், அதாவது 60, 90, 85. அந்த இடத்துல புல் என்ன கலர்னு தெரிய வேண்டிய அவசியம் கூட இல்ல. பழைய பிக்சல்ல இருந்து, நேவிக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த பிக்சல்ல சட்டை எத்தனை பங்கோ அத்தனை பங்கு கூட்டுனாப் போதும். சிவப்புல 200 குறையணும், பாதி பிக்சல்னா 100 குறை, 160ல 100 போனா 60. ஆச்சு.

அப்ப தேவை ஒண்ணே ஒண்ணுதான்: ஒவ்வொரு பிக்சல்லயும் சட்டை எத்தனை பங்குன்னு சொல்ற மாஸ்க். அதைக் கையால வரையாதே, படத்துலயே இருக்கு. ஒரு காப்பி எடுத்து லேப் மோடுக்கு மாத்தி a சேனலை மட்டும் பாரு.

தூரப்புள்ளி | மார்ச் 7, இரவு 11:30

பாத்தேன். என்னத்தச் சொல்ல! புல் எல்லாம் கருகருன்னு, ஆரஞ்சு சட்டை மட்டும் மின்மினி மாதிரி. புல் 101 கிட்ட, சட்டை 165 கிட்ட. கசிவும் அந்த மின்மினியோட ஓரத்துலயே இருக்கு, அதாவது கலர் எவ்வளவு தூரம் கசிஞ்சிருக்கோ மாஸ்க்கும் அவ்வளவு தூரம் போகுது. அந்த சேனலையே லெவல்ஸ்ல இழுத்து மாஸ்க் ஆக்கிட்டேன்.

தூரப்புள்ளி | மார்ச் 8, காலை 12:40

தூங்கப் போகல. மூஞ்சி நீலமாயிடுச்சு. 37 பேரும் வேற்றுக்கிரக வாசிங்க. தோலும் a சேனல்ல 142 கிட்ட நிக்குது. லெவல்ஸ்ல கருப்பு முனையை 140க்கு ஏத்திட்டேன், மூஞ்சி தப்பிச்சது.

தூரப்புள்ளி | மார்ச் 8, காலை 1:10

மூஞ்சி தப்பிச்சது, வளையம் திரும்பி வந்துடுச்சு. இது என்ன வம்பு.

பழைய_லென்ஸ் | மார்ச் 8, காலை 7:15

நீயே வெட்டிட்டியே. பாதிப் பிக்சல் 101க்கும் 165க்கும் நடுவுல, 133ல இருக்கும். தோல் 142, அதுக்கும் மேல. 140ல வெட்டும்போது பாதி சட்டை இருக்கிற ஓரம் மொத்தமும் போச்சு. லெவல்ஸ்ல கருப்பு முனை புல்லோட மதிப்பு, வெள்ளை முனை சட்டையோட மதிப்பு, அதைத் தாண்டிக் கை வைக்காதே. மூஞ்சியையும் கையையும் மாஸ்க்ல மூணு பிக்சல் பிரஷ் வெச்சுக் கருப்பு அடிச்சு எடு. மூஞ்சி சட்டைக்கு மேலதான் இருக்கும், தேட வேண்டியதில்ல. கழுத்து கிட்ட மட்டும் தோலா சட்டையான்னு தெரியாது, அங்க பாதி சாம்பல்ல விட்டுடு.

சுறுசுறுப்பு | மார்ச் 8, காலை 9:00

மாஸ்க் இருக்குல்ல, அதுல கலர் மோட் லேயரும் ஒரு கர்வ்ஸும் போட்டா முடிஞ்சுதே. எதுக்குக் கூட்டல் கழித்தல்.

பழைய_லென்ஸ் | மார்ச் 8, காலை 9:25

போட்டுப் பாரு தம்பி. பாதிப் பிக்சல்ல அது அழுக்கு மஞ்சளையும் நீலத்தையும் பாதிப் பாதி கலக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுச் சாம்பல் வரும். புல் மேல சாம்பல் கோடு. ஆரஞ்சு வளையத்துக்குப் பதிலா சாம்பல் வளையம். தூரத்துல பாத்தா தேவலதான், போஸ்டர்ல மாட்டிக்கும்.

போட்டோஷாப்ல கணக்கை இப்படிச் செய்யலாம். கருப்பு லேயர், அது மேல மாஸ்க்கோட 200, 70, 0 கலர், ரெண்டையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணி சப்ட்ராக்ட் மோட். அதே மாதிரி கருப்பு மேல மாஸ்க்கோட 0, 0, 80, மெர்ஜ் பண்ணி லீனியர் டாட்ஜ். மெர்ஜ் பண்ணாம மாஸ்க்கை லேயர்லயே தொங்க விட்டா, அது முதல்ல முழு 200-ஐக் கழிச்சு பூஜ்யத்துல முட்டிட்டு அப்புறம்தான் பாதியாக்கும், கணக்கு தப்பும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 8, மதியம் 12:10

இந்தக் கலவைக் கணக்கு எல்லாம் லீனியர் லைட்ல போட்டாத்தான் சரி. லென்ஸ்ல வெளிச்சம் கலக்குறது காமாவுக்கு முன்னாடி.

பழைய_லென்ஸ் | மார்ச் 8, மதியம் 12:45

முறைப்படி நீங்க சொல்றதுதான். ஆனா இவன் படத்துல கலர் பாதியாக்குனதும் இட்டு நிரப்புனதும் கேமராவுக்குள்ள காமாவுக்கு அப்புறம். ரெண்டு கலவையும் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு. ரெண்டு விதமாவும் செஞ்சு பாத்திருக்கேன், எனக்கு வித்தியாசம் தெரியல.

கணக்குப்பிள்ளை | மார்ச் 8, மதியம் 12:51

ராவுல இருந்து வந்தா தெரியும்.

பழைய_லென்ஸ் | மார்ச் 8, மதியம் 12:58

தெரியலாம். ரா வரட்டும்.

தூரப்புள்ளி | மார்ச் 9, இரவு 10:20

புல் மேல நிக்கிற 26 பேரு முடிஞ்சது, சுத்தம், வளையம் இல்ல. மிச்சம் 11 பேரு செங்கல் கலர் ஓட்டப்பாதை மேல நிக்கிறாங்க, அங்க a சேனல் கையை விரிச்சிடுச்சு. பாதை 156, சட்டை 165. மின்மினியும் இல்ல ஒண்ணும் இல்ல.

ஒரு மணி நேரம் திட்டிட்டு அப்புறம் b சேனலைத் திறந்தேன். பாதை 150, சட்டை 191! ஆரஞ்சுல மஞ்சள் ஜாஸ்தி, செங்கல்ல கம்மி, அவ்வளவுதான் விஷயம். பின்னால என்ன இருக்கோ அதைப் பாத்து சேனலைத் தேர்ந்தெடுக்கணும் போல. புல்லும் பாதையும் சேர்ற கோட்டு மேல நிக்கிறவரு ரெண்டு பேரு, அவங்களுக்கு மேல்பாதி a, கீழ்ப்பாதி b. இது சரியான்னு தெரியல, பாக்க நல்லாத்தான் இருக்கு.

சுறுசுறுப்பு | மார்ச் 9, இரவு 10:41

சாம்பல் வளையம் வந்துச்சு. ஒத்துக்கிறேன். ஆனா உன்னோடதுல வேற ஒண்ணு கேக்கணும், நிழல்ல நிக்கிறவங்க சட்டை எப்படி இருக்கு? எனக்கு மை கொட்டுன மாதிரி கருப்புத் திட்டு வருது.

தூரப்புள்ளி | மார்ச் 9, இரவு 11:02

ஐயோ ஆமா. இப்பதான் கவனிச்சேன்.

பழைய_லென்ஸ் | மார்ச் 10, காலை 6:40

இதுல சுறுசுறுப்பு சரி, நான் சொன்னதுல ஓட்டை. நிழல்ல சட்டையோட சிவப்பு 190தான் இருக்கும், அதுல 200 கழிச்சா பூஜ்யத்துல முட்டி நிக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு கழிக்கிறது ஓரத்துக்கு நல்லது, மடிப்புக்கும் நிழலுக்கும் கெட்டது.

ஆனா இன்னொரு தப்பும் நான் பண்ணேன். 30, 50, 110ங்கிறது கிட்டத்துல பாக்குற நேவி. 150 மீட்டர் தள்ளி நடுவுல காத்து, தூசி, லென்ஸுக்குள்ள சிதறுற வெளிச்சம் எல்லாம் சேந்து கருப்பைத் தூக்கிடும். அதே தூரத்துல யாராவது கருப்பு பேன்ட் போட்டிருந்தா அங்க ஐட்ராப்பரை வை, என்ன வருது?

தூரப்புள்ளி | மார்ச் 10, மாலை 7:30

42, 44, 47. கருப்பு பேன்ட்டுக்கு! அதான் என் 37 பேரும் படத்துல இருந்து குதிச்சு வெளிய வர்ற மாதிரி இருக்காங்களா. கருப்பு பேன்ட்டை விடக் கருப்பா ஒரு நீலச் சட்டை எப்படி இருக்கும்.

நேவியை 50, 62, 105 ஆக்கிட்டேன். இப்ப சிவப்புல 180தான் கழியுது, நிழல்ல 190 இருந்தாலும் 10 மிஞ்சுது. மைத்திட்டு பெரும்பாலும் போச்சு. ரொம்ப இருட்டுல நிக்கிற மூணு பேருக்குத் தனியா கொஞ்சம் கம்மியாக் கழிச்சேன்.

மழைக்குருவி | மார்ச் 10, இரவு 8:05

நடுவுல வர்றேன். இப்படி மாத்துறது சரியா? நடந்தது ஆரஞ்சுதானே.

தூரப்புள்ளி | மார்ச் 10, இரவு 8:30

போஸ்டருக்குன்னுதான் கேட்டாங்க அக்கா. இதே படத்தைச் செய்திக்கோ போட்டிக்கோ அனுப்புறதா இருந்தா நான் தொட மாட்டேன், அப்படி அனுப்ப மாட்டோம்னு எழுதிக் குடுக்கவும் கேட்டிருக்கேன். உங்க மஞ்சள் டிரஸ் என்ன ஆச்சு?

மழைக்குருவி | மார்ச் 10, இரவு 8:44

தங்கச்சிக்கு மஞ்சளே புடிச்சுப் போச்சாம்.

தூரப்புள்ளி | மார்ச் 11, இரவு 11:15

100 சதவீதத்துல வெச்சுப் பாத்தா ஏதோ உறுத்துது. வளையம் கலர்ல இல்ல, வெளிச்சத்துல இருக்கு. ஒவ்வொரு ஆளைச் சுத்தியும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி லேசாக் கருப்பு. மாஸ்க்ல தேடினேன், அங்க இல்ல. ஒரிஜினல்ல பாத்தேன், அங்கயும் இருக்கு, ஆனா ஆரஞ்சைச் சுத்தி இருக்கும்போது கண்ணுக்குத் தெரியல.

பழைய_லென்ஸ் | மார்ச் 12, காலை 6:30

கேமராவோட ஷார்ப்னிங். ஆரஞ்சு சட்டை புல்லை விட வெளிச்சம், 143க்கு 110. ஓரம் கூர்மையாத் தெரியட்டும்னு கேமரா வெளிச்சமான பக்கத்தை இன்னும் ஏத்தி, இருட்டான பக்கத்தை, அதாவது புல்லை, சட்டையை ஒட்டிக் கொஞ்சம் இறக்கியிருக்கு. அதுதான் அந்தக் கருப்புக் கோடு. இப்ப நீ சட்டையைப் புல்லை விட இருட்டாக்கிட்ட. நியாயமா இப்ப ஓரத்துல புல் வெளுத்திருக்கணும், ஆனா பழைய இருட்டுக் கோடு அப்படியே கிடக்கு, அதனால ஆளும் தடிச்சுத் தெரியுது. இதை மாஸ்க் வெச்சு எடுக்க முடியாது. ராவுல ஷார்ப்னிங் பூஜ்யம், கலர் நாய்ஸ் ரிடக்ஷனும் பூஜ்யம் (அது சின்னச் சின்ன ஆளுங்க கலரைத்தான் முதல்ல தின்னும்), அதுல கலரை மாத்திட்டு கடைசியா ஷார்ப்பன் பண்ணு.

தூரப்புள்ளி | மார்ச் 13, இரவு 10:50

ரா வந்துச்சு. எல்லாம் முதல்ல இருந்து. ஆனா இந்த தடவை 37 பேரும் ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சது, அதுல பாதி மூஞ்சி துடைக்கிற வேலை. கசிவு ரொம்பக் கம்மி, பென்சில் கோடு இல்லவே இல்ல. கணக்குப்பிள்ளை சொன்ன லீனியரும் நாலு பேருக்குப் போட்டுப் பாத்தேன், ஓரம் ஒரு சொட்டு சுத்தமாத் தெரியுற மாதிரி இருக்கு, அது நான் தெரியணும்னு பாக்குறதாலயான்னும் சந்தேகம். வீட்டுல ரெண்டையும் காட்டி எது நல்லாருக்குன்னு கேட்டேன், எந்த ஆளுன்னு கேட்டாங்க.

போஸ்டர் 6 அடி அகலம். 6000 பிக்சலை 72 அங்குலத்துல போட்டா அங்குலத்துக்கு 83, சட்டை 12 பிக்சல்னா நாலு மில்லிமீட்டருக்கும் கம்மி. அதுக்குத்தான் ஒன்பது நாள்.

சேவ் பண்ணும்போது மறுபடியும் கலரைப் பாதியாக்கிடாம இருக்க இப்படி:

```
magick mudivu.tif -sampling-factor 4:4:4 -quality 92 poster.jpg
```

பழைய_லென்ஸ் | மார்ச் 14, காலை 6:45

அனுப்பும்போது மெசேஜ்ல அனுப்பாதே, இவ்வளவும் வீணாயிடும். லிங்க்கா குடு.

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, காலை 10:05

நீங்க போட்ட துண்டுப் படத்துல வலது ஓரம் வரைக்கும் எண்ணுனா 38 பேரு வருது.

தூரப்புள்ளி | மார்ச் 14, காலை 10:20

37தான். ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, காலை 10:24

கடைசில குட்டையா ஒருத்தரு. தலையே இல்ல.

தூரப்புள்ளி | மார்ச் 14, காலை 10:41

அது ஆளு இல்லங்க. பாதையில வெச்சிருந்த ஆரஞ்சு கூம்பு. b சேனலுக்கு அதுவும் சட்டைதான். ஃபைல் நேத்து ராத்திரியே போயிடுச்சு.

சுறுசுறுப்பு | மார்ச் 14, காலை 10:43

விடு, கூம்புக்கு நேவி நல்லாத்தான் இருக்கு.